ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டதா?

எந்த வங்கியின் இயந்திரமாக இருந்தாலும், புகாரை உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கியிடம்தான் தர வேண்டும். "அந்த வங்கியில் போய்க் கேளுங்கள்" என்று அலைக்கழித்தால் நகராதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, பணம் எடுக்க முயன்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வேண்டும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. உதாரணமாக, 10ஆம் தேதி கழிந்த 5,000 ரூபாய் 22ஆம் தேதி வரவானால், கெடு 15ஆம் தேதியோடு முடிந்ததால், 7 நாள் தாமதத்துக்கு 700 ரூபாய் சேர்த்து வர வேண்டும். கேட்காமலே தர வேண்டிய தொகைதான். ஆனாலும் கடிதத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ரசீதின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். உடனே படமெடுத்து வையுங்கள். ரசீதே வராவிட்டால் குறுஞ்செய்தி போதும். கடிதத்தில் கணக்கு எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், தேதி, நேரம், தொகை, ஏடிஎம் எண், பரிவர்த்தனை எண் இருக்கட்டும். பின் எண்ணை யாருக்கும் தர வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

"பரிவர்த்தனை வெற்றி" என்று ஒரே வரியில் பதில் வந்தால் விடாதீர்கள். இயந்திரத்தின் பதிவேட்டு நகலையும், அன்றைய பண இருப்புக் கணக்கையும் கேளுங்கள். பணம் வெளியே வராதிருந்தால் இருப்பில் அந்தத் தொகை கூடுதலாக நிற்கும். கேமரா பதிவைப் பாதுகாக்கவும் எழுதுங்கள்.

30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.