மெயின்டனன்ஸ் பாக்கி நோட்டீஸ்ல தேதியையும் மாத்துறீங்களா? சண்டை கிளம்புற இடங்கள் இதுதான்

மதுரைப் பக்கம் இப்ப இருபது முப்பது வீடு இருக்கிற அப்பார்ட்மென்ட் நிறைய வந்துருச்சு, அதுல பாதில அசோசியேஷன் கணக்கைப் பாக்குறது ரிட்டயர்டு ஆன ஒருத்தரோ, வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி எக்ஸெல் ஷீட்டைத் திறக்குற ஒருத்தரோதான். சித்திரைத் திருவிழா, லீவு, ஊருக்குப் போறது, ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ்னு வரிசையா வர்றதால ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் வசூல் படுத்துரும், அதே மாசங்கள்லதான் போர் தண்ணி இறங்கி லாரித் தண்ணிக்கும் காசு போகும். ஜூலைல கமிட்டி உக்காந்து "பாக்கி நோட்டீஸ் ஒண்ணு ஒட்டிருவோம், அப்படியே வசூல் தேதியையும் 5ல இருந்து 10க்கு மாத்திருவோம்"னு முடிவு பண்ணும். இந்த "அப்படியே"தான் வினை. ரெண்டும் வேற வேற விஷயம், ஒரே தாள்ல வரலாம் ஆனா ஒரே வாக்கியத்துல வரக்கூடாது.

ஒரு கணக்கை எடுத்துக்குவோம். மாசம் 2,000 ரூபா மெயின்டனன்ஸ், அந்தந்த மாசம் 5ம் தேதிக்குள்ள கட்டணும், தாமதமானா வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டின்னு பைலாவுல இருக்கு, அதாவது 2,000க்கு மாசம் 20 ரூபா. பி-7 வீட்டு ஓனர் ஏப்ரல், மே, ஜூன் மூணும் கட்டலை. ஜூலை 5ம் தேதி ஜிபேல 3,000 ரூபா போட்டுவிட்டாரு, எந்த மாசத்துக்குன்னு ஒண்ணும் எழுதலை. ஜூலை 12ம் தேதி நோட்டீஸ் அடிக்கிறீங்க. இவருக்கு பாக்கி எவ்வளவு?

ஜூலையும் சேத்தா கட்ட வேண்டியது 8,000, கட்டினது 3,000, மிச்சம் 5,000, இதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா எந்த மாசத்து பாக்கி? பொருளாளர் வழக்கமா என்ன பண்றாருன்னா, ஜூலைல வந்த காசுதானேன்னு 2,000ஐ ஜூலைக்கு வச்சுட்டு மீதி 1,000ஐ ஏப்ரல்ல கழிக்கிறாரு. ஓனர் மனசுல ஏப்ரல் முடிஞ்சு மே மாசத்துல பாதி முடிஞ்சிருச்சுன்னு இருக்கும். நோட்டீஸைப் பாத்ததும் "ஏப்ரல் கட்டியாச்சே, அப்புறம் எப்படிங்க ஏப்ரல்ல ஆயிரம் நிக்கும்"னு லிஃப்ட் வாசல்லயே ஆரம்பிச்சிருவாரு.

இதுக்கு 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்துலயே வழி இருக்கு, 59ல இருந்து 61 வரைக்கும் உள்ள பிரிவுகள். கட்டுறவர் இந்த மாசத்துக்குன்னு சொல்லிக் கொடுத்தா அதை வாங்கிக்கிட்ட நீங்க அந்த மாசத்துக்குத்தான் வைக்கணும். அவர் சொல்லலைன்னா வாங்குறவங்க எதுக்கு வேணா வச்சுக்கலாம். ரெண்டு பேருமே ஒண்ணும் சொல்லாம விட்டுட்டா பழைய பாக்கியில இருந்து வரிசையா கழியும். அதனால அசோசியேஷன் எப்பவும் பழசுக்கே முதல்ல வைக்கிறதுதான் நல்லது, அதை நோட்டீஸ்லயும் ஒரு வரி எழுதிடணும். பி-7 கணக்குல ஏப்ரல் முழுசா முடிஞ்சுது, மே மாசத்துல 1,000 நிக்குது, ஜூன் 2,000, ஜூலை 2,000.

மொத்தம் எப்படிப் போட்டாலும் 5,000தானே, எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேப்பாங்க. காரணம் காலாவதி. பண பாக்கிக்கு கோர்ட்டுக்குப் போக பொதுவா மூணு வருஷம்தான் டைம், 1963 லிமிடேஷன் சட்டப்படி, அதுவும் ஒவ்வொரு மாசத்து பாக்கிக்கும் தனித்தனியா ஓடும். வர்ற காசையெல்லாம் நடப்பு மாசத்துக்கே வச்சுக்கிட்டே வந்தா அடியில கிடக்குற பழைய பாக்கி பைய பைய மூணு வருஷத்தைத் தாண்டிரும். நெறைய ஷீட்ல "ஓல்டு பேலன்ஸ்"னு ஒரே ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல 38,000ன்னு ஒரு நம்பர் வருஷக்கணக்கா உக்காந்திருக்கும், எந்த மாசம் எந்த வருஷம்னு ஒருத்தருக்கும் தெரியாது, முன்னாடி இருந்த செக்ரட்டரி வீட்டை வித்துட்டுப் போயிருப்பாரு. அந்த நம்பரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மூணு வருஷம் முடியுறதுக்கு முன்னாடி ஓனர் "ஆமா, இவ்வளவு பாக்கி இருக்கு"ன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தா அன்னிக்கு இருந்து புதுசா மூணு வருஷம் கிடைக்கும், முடிஞ்சப்புறம் வாங்கினா அந்த பலன் இல்லை. அதனால நோட்டீஸோட கீழ்ப்பகுதில கணக்கு சரின்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர்ற மாதிரி ஒரு துண்டு வைங்க, கட்ட முடியாதவர்கூட அதுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவாரு.

வட்டியைத் தனி வரியா காட்டுங்க. பி-7க்கு ஜூலை 5 வரைக்கும் ஏப்ரலுக்கு மூணு மாசம் 60, மேக்கு 40, ஜூனுக்கு 20, ஆக 120 ரூபா. இதை அசலோட கலந்து 5,120ன்னு ஒரே நம்பரா போட்டுட்டு அடுத்த மாசம் 5,120க்கு வட்டி போட்டா வட்டிக்கு வட்டி ஆயிரும், பைலா அப்படிச் சொல்லலைன்னா அது தப்பு. பைலாலயும் இல்லை, ஜெனரல் பாடி தீர்மானமும் இல்லைன்னா வட்டியே போடாதீங்க. கமிட்டி அஞ்சு பேர் வாட்ஸாப்ல பேசி "லேட் ஃபீ 500"ன்னு முடிவு பண்ணா அது நிக்காது, அந்த 500ஐக் காட்டியே அவர் நியாயமான 5,000ஐயும் கட்டாம இழுத்தடிப்பாரு. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப கமிட்டிக்காரங்ககிட்ட சொல்றது.

இப்ப தேதிக்கு வருவோம். 10ம் தேதிக்கு மாத்துறதுல நியாயம் இருக்கு, தனியார் கம்பெனி சம்பளம் நிறைய பேருக்கு 7ம் தேதி வாக்குலதான் வரும், பென்ஷன்காரங்களுக்கு மாசக் கடைசிலயே வந்துரும், அதனால 10 எல்லாருக்கும் ஒத்து வரும். ஆனா பைலாலயே 5ம் தேதின்னு அச்சடிச்சிருந்தா கமிட்டி மாத்த முடியாது, ஜெனரல் பாடில சிறப்புத் தீர்மானம் போட்டு ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல கொடுக்கணும். பைலால தேதி இல்லாம "கமிட்டி அறிவிக்கும் தேதி"ன்னு இருந்தா மினிட்ஸ்ல எழுதி அறிவிச்சாப் போதும். நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்க.

"இனி மெயின்டனன்ஸ் 10ம் தேதிக்குள் செலுத்தவும்"னு மட்டும் எழுதினா மூணு கேள்வி வரும். இனின்னா எந்த மாசத்துல இருந்து? பழைய பாக்கிக்கும் 10தானா? ஜூலையை 8ம் தேதி கட்டினவருக்கு வட்டி உண்டா? புதுத் தேதி ஆகஸ்ட் மாசத்துக்குத்தான்னா ஜூலைக்கு 5ம் தேதிதான், வட்டியும் 5ல இருந்துதான். எக்ஸெல்லயோ ஆப்லயோ ட்யூ டேட்டை 10ன்னு மாத்தும்போது சில இடத்துல பழைய மாசங்களுக்கும் சேர்த்து மாறிரும், அப்ப போன மாசம் நீங்களே கொடுத்த ரசீதுல இருக்கிற வட்டியும் இப்ப காட்டுற வட்டியும் ஒத்துப் போகாது. மாத்துனதும் ஒரு பழைய ரசீதை எடுத்து ஷீட்டோட வச்சுப் பாருங்க, வட்டி மாறியிருந்தா பழைய மாசமும் நகர்ந்துருச்சுன்னு அர்த்தம்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. சில அப்பார்ட்மென்ட்ல ஜூலை மாசத்துக்கான காசை ஆகஸ்ட் முதல் வாரம்தான் வாங்குவாங்க, மாசம் முடிஞ்சு வாங்குற பழக்கம். தேதியை மாத்தும்போதே "அந்தந்த மாசத்தை அந்தந்த மாசம் 10க்குள்ள"ன்னு மாத்திட்டா ஆகஸ்ட்ல ஜூலைக்கு ஒரு 2,000, ஆகஸ்ட்டுக்கு ஒரு 2,000ன்னு ரெண்டு கட்ட வேண்டி வரும். சொல்லாம பண்ணா வாடகைக்கு இருக்கிறவங்க ரெண்டாவதைக் கட்டவே மாட்டாங்க, ஓனர்கிட்ட கேளுங்கன்னுருவாங்க. அப்படி மாத்தணும்னா ஒரு மாசத்தை நாலு தவணையா பிரிச்சு 500, 500ன்னு சேத்து வாங்குறது நல்லது.

அசோசியேஷன் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு. 24 வீடு, மாசம் 48,000 வரும்னு வைங்க, வாட்ச்மேன் சம்பளமும் கூட்டுறவங்க சம்பளமும் 5ம் தேதி கொடுத்தாகணும், வசூலோ 10ம் தேதிதான் முடியும். கையில அந்த சம்பளத் தொகையாவது இல்லாம தேதியைத் தள்ளினா முதல் மாசமே வாட்ச்மேன்தான் காத்துக்கிடப்பாரு, அது ரொம்பப் பாவம்.

நோட்டீஸ் வாசகம் இப்படி இருந்தாப் போதும்:

"பி-7 வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு. 05.07 அன்று பெறப்பட்ட ரூ.3,000, ஏப்ரல் (2,000), மே (1,000) கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நிலுவை: மே 1,000, ஜூன் 2,000, ஜூலை 2,000, ஆக ரூ.5,000. 05.07 வரை வட்டி ரூ.120. இந்த நிலுவையை 31.07க்குள் செலுத்தவும். கணக்கில் தவறு இருந்தால் 20.07க்குள் ரசீதுடன் தெரிவிக்கவும். ஆகஸ்ட் மாதம் முதல், அந்தந்த மாதப் பராமரிப்புத் தொகையை அந்தந்த மாதம் 10ஆம் தேதிக்குள் செலுத்தவும். இந்தத் தேதி மாற்றம் ஜூலை வரையிலான நிலுவைக்குப் பொருந்தாது."

இதை வீட்டுக்கு வீடு தனியா கொடுக்கணும். பாக்கிக்காரங்க பேரை லிஃப்ட்ல ஒட்டுறது, வாட்ஸாப் குரூப்ல லிஸ்ட் போடுறதெல்லாம் வேண்டாம், அதுல ஒருத்தர் கட்டியிருந்து உங்க ஷீட்ல ஏறாம இருந்தா அவதூறுன்னு உங்க மேலயே வழக்கு திரும்பலாம். "தண்ணி நிறுத்தப்படும்"னு எழுதவே எழுதாதீங்க. தண்ணி, கரண்ட் மாதிரி அத்தியாவசியத்துல கை வச்சா கோர்ட்டுல உங்க பக்கம் நிக்க ஆள் இருக்காது, வீட்டுல வயசானவங்க, பிள்ளைங்க இருக்காங்கன்றதும் நமக்கே தெரியணும்.

குடியிருக்கிறவர் வாடகைக்காரர்னா அவருக்கு ஒரு காப்பி, ஆனா நோட்டீஸ் ஓனர் பேர்லதான். ஓனர் துபாய்லயோ சிங்கப்பூர்லயோ இருந்தா ஈமெயில் அனுப்புங்க, கூடவே பத்திரத்துல இருக்கிற ஊர் அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆன ப்ரூஃபை ஃபைல்ல வைங்க. பின்னாடி வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போனா வக்கீல் முதல்ல கேக்குறது அந்த ப்ரூஃபையும் மாசவாரிக் கணக்கையும்தான். 31ம் தேதி வரைக்கும் வர்ற ஒவ்வொரு ஜிபே காசுக்கும் "பி-7, மே மீதி"ன்னு மாசத்தைக் குறிச்சு அன்னிக்கே ரசீது போட்டு அவர் போனுக்கு அனுப்பிருங்க.