திண்டுக்கல் முதல் பழனி வரை மூன்று நாள்: சிங்கப்பூர்க் குழுவுக்கு ஒரு பாதயாத்திரைத் திட்டம்

பாதயாத்திரை போகலாம் என்று பேச்செடுத்தால் போதும், குழுவில் நன்றாக நடக்கும் ஒருவர் "ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் அசால்ட்டா போயிடலாம்ணே" என்பார். அவர் போய்விடுவார், உண்மைதான். ஆனால் திட்டம் போட வேண்டியது அவருக்காக அல்ல, குழுவிலேயே மெதுவாக நடப்பவருக்காக. தூரம், வண்டி, ஓய்விடம் எல்லாம் அந்த ஒருவரின் காலை வைத்துத்தான் முடிவாகும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது திண்டுக்கல்–பழனி சாலை. சுமார் 60 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, பாதி வழியில் ஒட்டன்சத்திரம் இருக்கிறது. குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடியோடு நடந்து வரும் நெடும்பயணத்தை அடுத்த வருடம் யோசித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இறங்கிய அன்றே நடக்கத் தொடங்காதீர்கள். திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜில் தூங்கி எழுந்து கிளம்புங்கள்.

தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் சாலை முழுக்கப் பக்தர்கள் இருப்பார்கள், வழியெல்லாம் அன்னதானம் கிடைக்கும். ஆனால் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. புதியவர்கள் டிசம்பர் கடைசி வாரத்திலோ ஜனவரித் தொடக்கத்திலோ போவது நல்லது. விடிகாலை குளிர்ச்சியாக இருக்கும், பள்ளி விடுமுறையின் கடைசி நாள்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மழை வரக்கூடும், ஆளுக்கொரு மழைக்கோட்டு பையில் இருக்கட்டும்.

படி 1: குழுவின் வேகத்தை இங்கேயே அளந்துவிடுங்கள்

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஞாயிற்றுக்கிழமை நடைகளை ஆரம்பியுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, பழைய மலாயா ரயில் பாதையில் அமைந்த 24 கிலோமீட்டர் ரயில் காரிடார், இரண்டுமே இதற்குத் தோதானவை. முதல் வாரம் 6 கிலோமீட்டர் போதும். பிறகு 8, 10, 12 என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசிக்கு முந்தைய வாரத்தில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 15, 15 நடந்து பாருங்கள். இந்த இரண்டாம் நாள்தான் உண்மையான பரீட்சை. முதல் நாள் யாரும் நடந்துவிடலாம், வலியோடு மறுநாள் எழுந்து நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடிகாரம் பார்க்க வேண்டியது மெதுவாக வருபவரோடு. அவர் 4 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 4 கிலோமீட்டருக்கும் பத்து நிமிட ஓய்வு என்று எழுதுவீர்கள், அது பதினைந்து நிமிடம் ஆகும். எங்கும் அப்படித்தான். ஆக 20 கிலோமீட்டர் என்றால் ஐந்து மணி நேர நடை, இடையில் நான்கு ஓய்வு சேர்ந்து ஒரு மணி நேரம், காலைச் சாப்பாட்டுக்கு கூடுதலாக அரை மணி. மொத்தம் ஆறரை மணி நேரம். காலை மூன்றரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு முடியும். பத்துக்கு மேல் தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்கிறேன், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றரைக்கா என்று பயப்பட வேண்டாம். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே அதிகாலை மூன்றரை என்றால் நம் உடம்புக்கு ஆறு மணி. இரவு எட்டு மணிக்கே கண்ணைச் சுழற்றும், தூங்கிவிடுங்கள். மூன்று நாள் பயணத்தில் அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ள முயற்சி செய்யாமல் இருப்பதே லாபம்.

படி 2: மூன்று நாளைப் பிரியுங்கள்

20 கிலோமீட்டர் முடிகிற இடத்தில் தங்கும் விடுதி இருக்க வேண்டுமே என்பதுதான் அடுத்த சிக்கல். இங்கே வண்டி கைகொடுக்கும். ஒட்டன்சத்திரத்தில் ஒரே லாட்ஜில் இரண்டு இரவுக்கு அறை போடுங்கள்.

முதல் நாள் திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் தாண்டி 20 கிலோமீட்டர் வரை நடை. அங்கே சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஒட்டன்சத்திரம் போய்விடுங்கள். மறுநாள் அதே கல்லருகே இறங்கித் தொடருங்கள். ஓர் அடி கூட விட்டுப்போகாது. "வண்டியில ஏறினா வேண்டுதல் என்னாகும்?" என்று கேட்கும் பெரியவர்களும் இதற்குச் சம்மதிப்பார்கள்.

இரண்டாம் நாள் வேகம் குறையும், அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். ஏழு மணிவாக்கில் ஒட்டன்சத்திரத்தைத் தொடுவீர்கள். இட்லி சாப்பிட்டு, அறையிலேயே கழிவறை வேலையை முடித்து, விருப்பாச்சி வரை நடந்து மறுபடி வண்டியில் திரும்புங்கள். மூன்றாம் நாள் விருப்பாச்சியிலிருந்து சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி அடிவாரம். ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர்போன ஊர். வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், நடக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்.

படி 3: துணை வண்டி

பதினான்கு பேர் கொண்ட குழு என்றால் ஒரு டெம்போ டிராவலர் சரியாக இருக்கும். எல்லோருக்கும் இருக்கை இருக்கிறதா என்று முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். பேசும்போதே ஓட்டுநரிடம் வேலை நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு ஓட்டப்போகிறவர் முந்தைய இரவு திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்திருக்கக் கூடாது. அவருக்குத் தனி அறையும் பகல் தூக்கமும் வாடகைக் கணக்கிலேயே சேர வேண்டும்.

வண்டி உங்கள் பின்னாலேயே ஊர்ந்து வரக் கூடாது. பாதுகாப்புக்கு என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். இருட்டில் லாரி ஓட்டி வருபவருக்கு மெதுவாக நகரும் வண்டியே ஆபத்து. வண்டி 4 கிலோமீட்டர் முன்னால் போய், சாலையை விட்டு நன்றாக இறங்கி நின்று, விளக்கைப் போட்டுக் காத்திருக்கட்டும். நடப்பவர்கள் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரத்தில் வர வேண்டும். நடைபாதை இருக்கும் இடங்களில் அதை விட்டு இறங்கவே வேண்டாம். எல்லோருக்கும் ஒளிரும் மேல்சட்டை, முன்னால் ஒருவர் கையிலும் கடைசியில் ஒருவர் கையிலும் டார்ச். அந்தக் கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. வயதில் இளையவராக, பொறுமைசாலியாகப் பார்த்து அவரை நியமியுங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், பதினான்கு பேர், ஆறரை மணி நேரம் என்றால் சுமார் 45 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று ஏற்றினால் குடித்தது போகக் கால் கழுவவும் இருக்கும். ஓஆர்எஸ் பொட்டலங்கள், இரண்டு பாய், நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலி, மருந்துப்பெட்டி ஆகியவையும் வேண்டும். நாற்காலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு தரையில் உட்கார்ந்த ஆண்ட்டியை எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

ஒரு விதியைச் சிங்கப்பூரிலேயே பேசி முடித்துவிடுங்கள். யாருடைய வேகமாவது மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால், அவர் அடுத்த 4 கிலோமீட்டரை வண்டியில் கடக்க வேண்டும். அந்த இடத்தில் முடிவெடுக்க விட்டால் யாரும் ஏற மாட்டார்கள், வீம்பு வந்துவிடும்.

படி 4: ஓய்விடம்

ஓய்விடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிழலைவிடக் கழிவறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழுவில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பிறகு தலைவலி, மயக்கம் என்று வந்து நிற்கும். முந்தைய நாள் மாலை ஒருவர் ஓட்டுநரோடு போய், அடுத்த நாள் பாதையில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிவறை திறந்திருக்கிறது, அதிகாலையிலும் திறப்பார்களா என்று கேட்டு வரட்டும். 4 கிலோமீட்டர் என்பது கல்லில் எழுதியது அல்ல. மூன்றரை கிலோமீட்டரில் நல்ல பங்க் இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

நின்றதும் முதல் வேலை காலணியையும் காலுறையையும் கழற்றுவது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், கால் இறுகிவிடும்.

படி 5: கால்

செருப்பில்லாமல் நடப்பது பலருக்கு வேண்டுதல். சிறுவயது முதல் வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்கு அது சரி. லிப்ட்டும் எம்ஆர்டியுமாக வாழும் நம் பாதத்துக்கு 60 கிலோமீட்டர் தார்ச்சாலை தாங்காது. சாலையோரம் நெருஞ்சியும் கருவேல முள்ளும் வேறு. காலணியோடு நடந்து, அடிவாரத்தில் கழற்றிவிட்டு 693 படியையும் வெறுங்காலில் ஏறுங்கள் என்பது என் கருத்து. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது கருத்தல்ல, கண்டிப்பு. கால் மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

நடக்க நடக்கக் கால் வீங்கும், ஆகவே காலணி அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கியதைப் போடாதீர்கள், ஞாயிறு நடைகளில் பழகியதுதான் வர வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஓட்டப் பயிற்சிக்கு விற்கும் செயற்கை இழைக் காலுறை மூன்று ஜோடி வாங்கி, ஒரு நிறுத்தம் விட்டு ஒரு நிறுத்தம் மாற்றுங்கள். கழற்றியதை வண்டியில் காயப்போடலாம். நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் சொல்லாமல் வருவதில்லை. குதிகாலிலோ சுண்டுவிரலருகிலோ ஓர் இடம் மட்டும் சுடுவதுபோல் இருக்கும், பார்த்தால் தோல் லேசாகச் சிவந்திருக்கும். அந்த நிமிடமே நிற்க வேண்டும். ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தைவிடப் பெரிதாக மருத்துவ டேப்பை முனைகளை வளைவாக வெட்டி, சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். அடுத்த நிறுத்தம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நடந்தால், போய்ச் சேர்வதற்குள் நீர் கோத்திருக்கும்.

கொப்புளம் வந்தேவிட்டால், சிறியதை உடைக்காமல் மூடிவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால் மட்டும், கையைக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அதுதான் காயத்துக்கு மூடி. போவிடோன் அயோடின் தடவிக் கட்டுப் போடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யக் கூடாது, மருத்துவமனைதான். யாருக்கானாலும் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அவருடைய நடை அன்றோடு முடிந்தது.

அறைக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைக்கும் பழக்கம் உண்டு. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நீண்ட நேரம் ஊறிய தோல் மெத்தென்றாகி மறுநாள் எளிதில் கொப்பளிக்கும். கழுவுங்கள், விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள், தலையணைமேல் காலை உயர்த்தி ஒரு மணி நேரம் படுங்கள்.

படி 6: மலை

பழனி அடிவாரத்தை அடைந்த அன்றே மேலே ஏற வேண்டாம். 20 கிலோமீட்டர் நடந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒரு இரவு தூங்கி, விடியலில் ஏறுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் வீவக புளோக்கில் ஒரு மாடிக்குச் சுமார் 16 படி என்று வைத்து, 20 மாடியை இரண்டு முறை ஏறிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம் வந்துவிடும். முடியாதவர்களுக்கு யானைப்பாதை சற்று எளிது, விஞ்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன.

தரிசனத்துக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். விமானத்தில் உட்கார்ந்தே வரும்போது கால் மறுபடி வீங்கும். காலணியைப் பெட்டியில் போட்டுவிட்டு, பட்டையைத் தளர்த்திக்கொள்ளக்கூடிய செருப்போடு ஏறுங்கள்.