ஸ்லைடு கமெண்டுகளைத் திருத்தப் பட்டியலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்து வரத்துக் கால்வாய் பற்றிய விளக்கக்காட்சிக்கு வந்த கமெண்டுகளைத் தொகுத்து, போன வாரம் என் மேசைக்குக் கொண்டுவந்தார். 'உடனே', 'கட்டாயம்' என்று எழுதப்பட்டவை மேலே சிவப்பிலும், 'முடிந்தால்', 'பார்க்கலாமே' என்று எழுதப்பட்டவை கீழே பச்சையிலும் இருந்தன. பார்வைக்கு அழகான பட்டியல். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறை அவர் அப்படியே செய்திருந்தார். ஒரு கமெண்டை விட்டுவிடுவது, ஒரே வரியை இரண்டு முறை ஏற்றுவது போன்ற கைப்பிழைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை கண்ணில் பட்டுவிடும்.

எழுதிய தொனியை வைத்துத் தரம் பிரிப்பது

மேலூர் அருகே ஒரு கண்மாயைத் தூர்வாருவதற்கான 24 ஸ்லைடுகளை அப்போது நான் தயாரித்திருந்தேன். நான்கு பேர் பார்த்து 37 கமெண்டுகள் இட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாசனத் துறையில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர். ஒன்பதாம் ஸ்லைடில் வண்டல் அளவைக் காட்டும் பெட்டியின் மேல் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "அலகை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே." இன்னொருவர் முதல் ஸ்லைடில், "தலைப்பின் நீல நிறம் சரியில்லை, உடனே மாற்றவும்!!" என்று இரண்டு ஆச்சரியக்குறிகளோடு எழுதியிருந்தார். நான் நிறத்தைக் கட்டாயப் பகுதியிலும் அலகை விருப்பப் பகுதியிலும் வைத்தேன். கூட்டத்துக்கு முந்தைய இரவு நேரம் போதாமல் போனதால், விருப்பப் பகுதியைத் தொடவே இல்லை.

அந்தப் பெட்டியில் 12 லட்சம் கன மீட்டர் என்று இருந்தது. அளவெடுத்தவர்கள் கொடுத்ததோ 12 லட்சம் கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி என்பதால், உண்மையான அளவு ஏறக்குறைய 34,000 கன மீட்டர்தான். தவறு அந்தப் பெட்டியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பதினேழாம் ஸ்லைடில், ஒரு டிப்பருக்கு 6 கன மீட்டர் என்று வைத்து நடை எண்ணிக்கையைக் கணக்கிட்டிருந்தேன். ஏறக்குறைய 5,700 நடை வர வேண்டிய இடத்தில் இரண்டு லட்சம் நடை வந்திருந்தது. அந்த இரண்டு லட்சத்தை வைத்தே பதினெட்டாம் ஸ்லைடின் செலவும், கடைசி ஸ்லைடின் நாள்கணக்கும் போடப்பட்டிருந்தன.

கூட்டத்தில் ஓர் அதிகாரி நான்காம் ஸ்லைடுக்குத் திரும்பச் சொன்னார். கண்மாயின் மொத்தக் கொள்ளளவு 80 லட்சம் கன அடி, அதாவது ஏறக்குறைய 2.27 லட்சம் கன மீட்டர், என்று அங்கே நானே எழுதியிருந்தேன். "கண்மாயைவிட ஐந்து மடங்கு வண்டல் கண்மாய்க்குள்ளே எப்படிங்க கிடக்கும்?" என்று அவர் கேட்டபோது, மடையைப் பற்றியோ கலுங்கைப் பற்றியோ அதன் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மழைக்கு முன் முடிய வேண்டிய வேலை அது; அனுமதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. நீல நிறத்தை மட்டும் ஒழுங்காக மாற்றியிருந்தேன்.

நம் பக்கத்தில் வயதும் அனுபவமும் உள்ளவர்கள் பெரும்பாலும் குற்றம் சொல்வதுபோல் எழுத மாட்டார்கள். 'பார்த்துக்கொள்ளலாமே' என்பதற்குள் 'இது தவறு' என்ற பொருள் இருக்கும். எழுதியவர் மரியாதைக்காக அதை மூடி வைத்திருப்பார். அதனால் இப்போது ஒவ்வொரு கமெண்டையும் தொனியை உரித்துவிட்டு ஒரே கேள்வியால் சோதிக்கிறேன்: இதை இப்படியே விட்டால், ஸ்லைடைப் பார்த்து முடிவெடுப்பவர் தவறான முடிவு எடுப்பாரா, அல்லது பேசுபவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பாரா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அது கட்டாயம், மற்றதெல்லாம் விருப்பம். கேள்விக்குறியோடு முடியும் கமெண்டுகளையும், எண், அலகு, தேதி, பெயர் ஆகியவற்றைத் தொடும் கமெண்டுகளையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை விருப்பப் பகுதிக்கு அனுப்புவதில்லை.

அந்த 37 கமெண்டுகளையும் பின்னாளில் இந்த முறையில் மீண்டும் பிரித்துப் பார்த்தேன். 'நன்று' வகைப் பாராட்டுகள் ஐந்தை நீக்கி, ஒரே பொருள் உள்ளவற்றைச் சேர்த்ததும் 23 வரிகள் மிஞ்சின. அவற்றில் கட்டாயம் ஆறு, விருப்பம் பதினான்கு, யாராவது முடிவு சொன்னால்தான் நகரும் என்றவை மூன்று. கட்டாயம் ஆறுக்குள்ளும் வரிசை உண்டு. மற்ற ஸ்லைடுகள் எதன்மேல் நிற்கின்றனவோ அது முதலில் வர வேண்டும். ஒன்பதாம் ஸ்லைடின் அலகைத் திருத்தாமல் பதினெட்டின் செலவு அட்டவணையைத் திருத்தினால், அதை மறுபடியும் திருத்த வேண்டியிருக்கும்.

கமெண்டை நம் சொற்களில் சுருக்கி, மூலத்தை விட்டுவிடுவது

"படிக்க முடியவில்லை" என்று ஒருவரும், "எழுத்து சிறிது" என்று இன்னொருவரும் ஒரே வரைபடத்தின் மேல் எழுதியிருந்தால், 'எழுத்தைப் பெரிதாக்கு' என்று ஒரே வரியாக எழுதிவிடக் கை துறுதுறுக்கும். முதலாமவர் சொன்னது வெளிர்மஞ்சள் கோடு புரொஜெக்டரில் தெரியவில்லை என்பதாக இருக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கினால் அவருடைய குறை தீராது. எக்செல் தாளில் ஒரு பத்தியில் அவர்கள் எழுதியதை எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். அடுத்த பத்தியில் நீங்கள் செய்யப் போவதை எழுதுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எங்கே தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்பதை எழுதியவரே ஒரு பார்வையில் கண்டுவிடுவார். ஒரு கமெண்டுக்குள் இரண்டு வேலைகள் இருந்தால், மூலத்தை இரண்டு வரிகளிலும் ஒட்டிவிட்டு வேலையைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

ஸ்லைடு எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது

நடுவே ஒரு ஸ்லைடு சேர்ந்தால் எல்லா எண்களும் தள்ளிப்போகும். ஸ்லைடின் தலைப்பையும் சேர்த்து எழுதுங்கள். கமெண்டுகள் வந்த பிரதியைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி மேலே ஏற்றுவது

நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அலகு ஒருவர் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

எதிரெதிரான கமெண்டுகளுக்கு நாமே தீர்ப்புச் சொல்வது

வரத்துக் கால்வாய்களின் வரைபடத்தை ஒருவர் நீக்கச் சொன்னார். இன்னொருவர் முழுத்திரைக்குப் பெரிதாக்கச் சொன்னார். நான் யாரிடமும் கேட்காமல் நடுத்தர அளவில் வைத்தேன், இருவருக்கும் வருத்தம். நீக்கச் சொன்னவருக்கு உண்மையில் வரைபடத்தின்மேல் கோபம் இல்லை, அதில் ஒரு ஊரின் பெயர் தவறாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தகைய வரிகளை கட்டாயத்திலும் சேர்க்காமல், விருப்பத்திலும் சேர்க்காமல், 'முடிவு தேவை' என்று பட்டியலின் உச்சியில் தனியாக வைத்து, யார் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் எதிரே எழுதிவிட வேண்டும்.

திருத்துவதற்கு முன்பே Resolve அழுத்துவது

செய்யாதீர்கள். திருத்தி முடித்து, வேறொருவர் பார்த்த பிறகு அழுத்துங்கள்.

விருப்பப் பகுதியைச் சொல்லாமல் கைவிடுவது

பதினான்கில் நான்கைத்தான் செய்ய நேரம் இருக்கும் என்றால், செய்யாத பத்துக்கும் எதிரே ஒரு காரணம் எழுத வேண்டும்: 'நேரமில்லை', 'வேறு ஸ்லைடில் உள்ளது', 'அளவுத் தகவல் கிடைக்கவில்லை'. காரணம் எழுத உட்காரும்போதுதான், விருப்பம் என்று ஒதுக்கிய ஒன்று கட்டாயம் என்று சில நேரம் பிடிபடும். தம்பியின் பச்சைப் பகுதியில் அப்படி ஒன்று அன்றைக்கே கிடைத்தது. "கால்வாயின் நீளம் முழுவதும் சேர்ந்ததா?" என்று ஒரு கமெண்ட். எதிரே என்ன காரணம் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அளவெடுத்தவரைக் கைபேசியில் அழைத்தார். கிளைக் கால்வாயைச் சேர்க்கவில்லை என்று பதில் வந்தது.