காலையில் எடுத்த பாலும் இப்போது கலக்கிய பாலும்: எதை எத்தனை மணிக்குக் கீழே ஊற்றுவது?

என் தங்கை பிரசவ விடுப்பு முடிந்து வங்கி வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். ஜனவரி மாதம், சென்னையில் காலை நேரத்துக்கு நன்றாகவே குளிர்ந்திருந்தது. ஆறரை மணிக்கு பம்பில் எடுத்த 90 மில்லி தாய்ப்பால் மூடிய பாட்டிலில் மேசை மேல் இருந்தது. அவசரத்தில் அதை ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டாள். பக்கத்திலேயே இன்னொரு பாட்டில். ஒன்பது மணிக்கு அம்மா பவுடர் பால் கலக்கி, குழந்தை பாதி குடித்துவிட்டுத் தூங்கிப்போன மிச்சம் அதில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். குழந்தை எழுந்து அழ ஆரம்பித்திருந்தாள்.

"காலையில எடுத்தது பழசாயிடுச்சுடி. இது இப்பத்தான் கலக்கினது, இதையே குடு" என்றார் அம்மா.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும். ஆறரை மணித் தாய்ப்பாலுக்கு இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது. ஒன்பது மணிப் பவுடர் பாலுக்குக் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

முதல் தவறே இதுதான்: இரண்டும் பால்தானே என்று இரண்டுக்கும் ஒரே கடிகாரத்தை வைப்பது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லும் கணக்கு இது. புதிதாக எடுத்த தாய்ப்பால், 25 டிகிரி அல்லது அதற்குக் குறைவான அறையில் 4 மணி நேரம் வரை இருக்கலாம். கலக்கிய பவுடர் பாலுக்கு 2 மணி நேரம்தான். அதுவும் குழந்தை வாய் வைக்காத வரையில். வாய் வைத்துவிட்டால், குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து 1 மணி நேரம். அம்மா கலக்கியதும் குழந்தை ஒன்பது பத்துக்குக் குடிக்க ஆரம்பித்திருந்தாள். அப்படியானால் பத்து பத்தோடு அந்த பாட்டிலின் கதை முடிந்தது.

ஏன் இப்படி? தாய்ப்பால் தன்னைத் தானே கொஞ்சம் காத்துக்கொள்ளும். அதில் உயிருள்ள வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம், அதற்குத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் போன்ற புரதங்களும் இருக்கின்றன. அதனால் கிருமி வளர்வது முதல் சில மணி நேரங்களுக்கு மட்டுப்படுகிறது. பவுடர் பாலுக்கு இந்தக் காவல் கிடையாது. இன்னொன்று, டப்பா சீல் பிரிக்காததாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்டது அல்ல. க்ரோனோபாக்டர் என்ற பாக்டீரியா காய்ந்த பவுடரிலும் நீண்ட நாள் உயிரோடு கிடக்கக் கூடியது. வெதுவெதுப்பான தண்ணீர் சேர்ந்ததும் அது பெருக ஆரம்பிக்கும். அரிதான தொற்றுதான். ஆனால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வந்தால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும்.

ஃபிளாஸ்கில் பால்

நம் வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. ராத்திரி மூன்று முறை எழுந்து கலக்க முடியவில்லை என்று, பத்து மணிக்கே மொத்தமாகக் கலக்கி ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவார்கள். ரயில் பயணத்திலும் இதே பழக்கம் உண்டு. குழந்தைக்குக் கொடுக்கிற இளஞ்சூட்டில் கலக்கிய பாலை ஃபிளாஸ்க் மணிக்கணக்கில் அதே சூட்டில் வைத்திருக்கும். கிருமிக்கும் அந்தச் சூடுதான் பிடிக்கும். தயிருக்கு உறை ஊற்றிய பாத்திரத்தைத் துணி சுற்றி வைக்கிறோமே, அதே வேலையைத்தான் ஃபிளாஸ்க் செய்கிறது. கணக்குக்காக 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிருமி இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் அது 64 ஆகும். ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். பத்து மணிக்குக் கலக்கியதை விடியற்காலை நாலு மணிக்குக் கொடுப்பது என்பது இதுதான்.

ஃபிளாஸ்கில் இருக்க வேண்டியது பால் அல்ல, வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொதி அடங்கியதும் நல்ல ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். பவுடரை அளந்து, காய்ந்த சுத்தமான டப்பாவில் தனியே வையுங்கள். குழந்தை எழுந்ததும் சூடான தண்ணீரை முதலில் பாட்டிலில் அளந்து ஊற்றி, பிறகு பவுடரைப் போட்டுக் கலக்கி, மூடிய பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் வைத்து ஆற்ற வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை.

தண்ணீரின் சூடு பற்றி ஒரு குழப்பம் உண்டு. சில டப்பாக்களில் கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீரில் கலக்கச் சொல்லியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டியோ, தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. பவுடரில் இருக்கும் கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஃபிளாஸ்கில் ஊற்றாமல் அப்படியே வைத்தால் அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது அதில் உள்ள அளவு. குழந்தை ரொம்பச் சின்னது, குறைமாதத்தில் பிறந்தது என்றால் நான் 70 டிகிரி பக்கம்தான் நிற்பேன். உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ராத்திரிக்கு முன்கூட்டியே கலக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கலக்கியவுடன் ஆற்றி, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி பாட்டிலாக ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைக்கலாம். கதவில் வேண்டாம், திறந்து மூடுகையில் முதலில் சூடேறுவது அந்த இடம்தான். 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மிச்சப் பாலை மறுபடி சூடாக்குவது

தாய்ப்பாலைக் கீழே ஊற்ற யாருக்கும் மனசு வராது. இருபது நிமிடம் பம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கிடைக்கிற 90 மில்லி அது. அதனால் குழந்தை குடித்தது போக மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த வேளைக்குச் சுடவைத்துக் கொடுப்பார்கள். குழந்தை சப்பும்போது அதன் எச்சில் பாட்டிலுக்குள் போகிறது, எச்சிலோடு கிருமியும் போகிறது. ஃபிரிட்ஜ் அவற்றைக் கொல்லாது, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். திரும்பச் சூடாக்கினாலும் பழைய கணக்கு அழிந்து புதுக்கணக்கு தொடங்குவதில்லை. சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதித்தாலும் போகாது. குழந்தைக்குக் கொடுக்கிற இளஞ்சூட்டைச் சொல்லவே வேண்டாம்.

குழந்தை வாய் வைத்த தாய்ப்பாலுக்கு, குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரம் உண்டு. வாய் வைத்த பவுடர் பாலுக்கு அந்தச் சலுகை இல்லை, மிச்சத்தை ஊற்றிவிட வேண்டியதுதான். வீணாவதைத் தவிர்க்க எங்கள் வீட்டில் பிறகு கண்டுபிடித்த வழி, 90 மில்லியை ஒரே பாட்டிலில் வைக்காமல் 60, 30 என்று பிரித்து வைப்பது. முதலில் 60 கொடுப்பார்கள், போதவில்லை என்றால் அடுத்தது. வாய் படாத 30 அப்படியே ஃபிரிட்ஜில் இருக்கும்.

தாய்ப்பால் போதவில்லை என்று அதே பாட்டிலில் பவுடர் பாலை ஊற்றி நிரப்புவதும் இந்த வகைத் தவறுதான். கலந்துவிட்டால் மொத்தத்துக்கும் பவுடர் பாலின் கெடுதான். 4 மணி நேரம் இருந்திருக்க வேண்டியதை 2 மணி நேரத்துக்கு நாமே இறக்கிவிடுகிறோம். தாய்ப்பாலை முதலில் தனியாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் மற்றதைக் கொடுக்கலாம்.

மூக்கை நம்புவது

"கெட்டுப்போனா நாத்தம் வராதா?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. திரிந்த பசும்பாலைப் பார்த்துப் பழகிய எல்லோருக்கும் வரும் கேள்விதான். ஆனால் குழந்தையை நோயில் தள்ளப் போதுமான கிருமி சேர்ந்த பிறகும் பவுடர் பால் வாசனை மாறாமல், திரியாமல் அப்படியே இருக்கலாம்.

தாய்ப்பாலில் இது தலைகீழாக ஏமாற்றும். ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு பிரிந்து மேலே ஏடாக நிற்கும், அடியில் நீர்த்தாற்போல் இருக்கும். பலர் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துகொள்ளும். சிலருடைய பாலில் ஒரு நாள் வைத்தாலே சோப்பு போன்ற வாசனை வரும். பாலில் உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது. குழந்தை குடித்தால் கெடுதல் இல்லை, சில குழந்தைகள் குடிக்க மறுக்கும் என்பதுதான் தொல்லை. சோற்றுக்குப் புளித்த தயிர் போல நன்றாகவே புளித்த நாற்றம் வந்தால் அது வேறு, கொட்டிவிடுங்கள்.

அப்படியானால் எதை நம்புவது? பாட்டிலில் எழுதிய நேரத்தை. ஒரு துண்டு டேப்பில், தாய்ப்பால் என்றால் எடுத்த நேரம், பவுடர் பால் என்றால் கலக்கிய நேரம். வாய் வைத்ததும் இரண்டாவது நேரத்தையும் எழுத வேண்டும். இரண்டு கெடுவில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. ஆறரைக்கு எடுத்த பாலை ஒன்பது மணிக்குக் கொடுத்து ஒன்பதேகாலுக்கு முடித்தால், வாய் வைத்த கணக்கு பதினொன்றேகால் வரை போகும். ஆனால் எடுத்த கணக்கு பத்தரைக்கே முடிகிறது. நான் பத்தரையோடு நிறுத்திவிடுவேன்.

நம்மூர் வெயிலில்

இவ்வளவு நேரம் சொன்ன 4 மணி நேரம் 25 டிகிரி அறைக்கு. ஏசி இல்லாத வீட்டில் மே மாதம் மதியம் 34, 35 டிகிரி சாதாரணம். அந்த அறையில் இந்த எண் செல்லாது. ஆறு மணி, எட்டு மணி நேரம் வைக்கலாம் என்று எழுதிய துண்டுச்சீட்டுகளும் கைக்கு வரும், அவற்றை நான் அறவே ஒதுக்குகிறேன். கோடையில் பால் எடுத்ததும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகட்டும், 4 டிகிரியில் 4 நாள் வரை இருக்கும். தவறி வெளியே நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்தைக் கடைசி எல்லையாக நான் வைத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் எடுப்பவர்கள் உறைந்த ஐஸ் பேக் வைத்த காப்புப் பையில் 24 மணி நேரம் வரை வைத்திருந்து, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றலாம். ஃப்ரீசரில் உறைந்து, பிறகு உருகிய தாய்ப்பாலை வெளியே வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம்தான், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். மறுபடி உறையவைக்கக் கூடாது.

சரி, கெடு தாண்டிய பாலைத் தெரியாமல் கொடுத்தாயிற்று என்றால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். ஓரிரு நாள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீராகப் பேதி, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு தூங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காலை வரை காத்திருக்காமல் அப்போதே போங்கள். எந்தப் பாலை எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று மருத்துவர் கேட்பார். டேப்பில் எழுதிய நேரம் அங்கேயும் உதவும்.