தட்டை பாக்கெட்டைத் திரும்பக் கேட்கும் அறிவிப்பு: வரி வரியாக எழுதுவது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டோடு ஒட்டிய சின்ன இடத்தில் தட்டை, முறுக்கு, ரிப்பன் பக்கோடா போட்டு விற்கிறோம். தட்டையில் இரண்டு வகை. சாதாத் தட்டையில் கடலைப்பருப்பு மட்டும் போடுவோம், இன்னொன்றில் வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்ப்போம். ஒரு புதன்கிழமை, வேர்க்கடலை போட்ட 20 கிலோ தட்டை, சாதாத் தட்டையின் கவரில் அடைபட்டு வெளியே போய்விட்டது. மறுநாள் சாயந்திரம் மிச்சமிருந்த கவர்களை எண்ணும்போதுதான் கணக்கு இடித்தது.

தட்டை கெட்டுப்போகவில்லை, ருசியாகவே இருந்தது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, யாருக்கும் சந்தேகமே வராது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு தட்டையே போதும், உதடு வீங்கி மூச்சுத் திணறலாம். எண்ணெயில் பொரித்துவிட்டதால் அந்தத் தன்மை போய்விடாது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் அன்று இரவு போட்ட அறிவிப்பை எப்படி எழுதினோம் என்று சொல்கிறேன்.

எழுதும் முன் எண்ணுங்கள்

20 கிலோ என்றால் 250 கிராம் பாக்கெட் 80. கையில் 22 இருந்தது. நான்கு கடைகளுக்குப் போனது 46, வீட்டு வாசலில் விற்றது 12. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் அறிவிப்பு எழுத உட்கார்ந்தால், "சில பாக்கெட்டுகள்" என்றுதான் எழுத வரும். அதைப் படிப்பவருக்குத் தன் பாக்கெட் அதில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவர் கடைகளுக்குப் போன் செய்து, பாக்கெட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் உங்கள் பகுதி உணவு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல். 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்புச் சட்டம், பிரிவு 28 இதைத்தான் சொல்கிறது: பாதுகாப்பில் குறை என்று தெரிந்தால், தயாரித்தவரே உடனே திரும்பப் பெற வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். சின்ன கடைதானே என்று விட்டுவிட முடியாது.

முதல் வரி

போனில் முதல் ஓரிரு வரிதான் தெரியும், மீதி மடிந்துவிடும். அதனால் "அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்" என்று ஆரம்பித்து அந்த இடத்தை வீணாக்காதீர்கள். எதைச் சாப்பிடக் கூடாது, எந்த பேட்ச், ஏன் என்ற மூன்றும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். மன்னிப்பைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

காரணத்தை எந்தச் சொல்லில் சொல்வது

நான் முதலில் "தட்டையில் கடலை கலந்துவிட்டது" என்று எழுதினேன். என் நாத்தனார் படித்துவிட்டு, "தட்டைன்னா கடலை இருக்கத்தானே செய்யும் அண்ணி?" என்றாள். அவள் கேட்டது நியாயம். நமக்குக் கடலைப்பருப்பும் கடலைதான், பொட்டுக்கடலையும் கடலைதான், கடலை மாவிலும் அதே சொல்தான். இந்த இடத்தில் "வேர்க்கடலை" என்று முழுசாக எழுதியே ஆக வேண்டும். விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக "மல்லாட்டை" என்றும் சேர்த்தோம்.

"சிறு தவறு", "பேக்கிங் கோளாறு" என்று பூசி எழுத வேண்டாம். ஒவ்வாமை உள்ள வீட்டுக்குத் தேவையான ஒரே சொல் அதில் மறைந்துபோகும்.

பாக்கெட்டை அடையாளம் காட்டுவது

எங்கள் பேட்ச் எண் 118. திரும்பி வந்த ஒரு கவரில் எண்ணெய்க் கை பட்டு மை தீற்றி, 8 பார்ப்பதற்கு 3 மாதிரி இருந்தது. எண்ணை மட்டும் நம்பாமல், கவரின் நிறம், எடை, பேக் செய்த நாள், விற்ற கடைகள் எல்லாவற்றையும் கொடுங்கள். எண் அழிந்திருந்தால் அதையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். படமாகத் தட்டில் அடுக்கிய தட்டையைப் போடாதீர்கள். கவரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, எண் இருக்கும் இடத்தில் வட்டம் போடுங்கள்.

இன்னொரு சிக்கல் டீக்கடை ஜாடி. ஒரு கடையில் 6 பாக்கெட்டைப் பிரித்து, பழைய தட்டையோடு ஜாடியில் கொட்டியிருந்தார்கள். அங்கே வாங்கியவரிடம் பேட்ச் எண்ணே இருக்காது. அந்த ஜாடி முழுவதையும் எடுத்துவிட்டு, கடை பெயரையும் நாளையும் வைத்துத் தனி வரி எழுதினோம்.

நாங்கள் போட்ட அறிவிப்பு

> இந்தத் தட்டையைச் சாப்பிட வேண்டாம்: பேட்ச் 118. கவரில் குறிப்பிடாத வேர்க்கடலை (மல்லாட்டை) உள்ளே இருக்கிறது.
>
> வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், தட்டை கெட்டுப்போனதல்ல.
>
> எது: சாதாத் தட்டை, 250 கிராம், மஞ்சள் கவர். பின்பக்கம் கீழே பேட்ச் 118, பேக் செய்த நாள் 11-06-2025. எண் சரியாகத் தெரியாவிட்டாலும் திருப்பித் தாருங்கள்.
>
> எங்கே விற்றது: (நான்கு கடைகளின் பெயர்), எங்கள் வீட்டு வாசல். (டீக்கடை பெயர்) ஜாடியில் ஜூன் 11, 12 தேதிகளில் வாங்கிய தட்டையும் இதில் சேரும்.
>
> என்ன செய்ய வேண்டும்:
> 1. பாக்கெட்டை மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.
> 2. வாங்கிய கடையிலோ எங்களிடமோ கொடுங்கள். பில் வேண்டாம், பிரித்த பாக்கெட்டும் சரி. முழுப் பணம் தருகிறோம்.
> 3. வர முடியாதவர்கள் கவரின் படத்தை (எண்) வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.
> 4. ஒவ்வாமை உள்ளவர் சாப்பிட்டிருந்தால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் 108.
>
> மற்ற பேட்ச்களில் இந்தத் தவறு இல்லை. தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டும்.
> வெளியிட்டது: 12-06-2025, இரவு 8 மணி.

முதல் படியில் "யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்" என்றது தெரிந்தேதான். நல்ல தின்பண்டத்தைக் குப்பையில் போட நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். தேதி, நேரம் எழுதியதற்கும் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மாசக்கணக்கில் சுற்றும், தேதி இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் யாராவது பயந்துகொண்டிருப்பார்கள். மற்ற பேட்ச்களைப் பற்றிய வரியை, அவற்றைப் பிரித்துப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

எங்கெல்லாம் போடுவது

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், தினமும் திரும்பப் போட வேண்டும். பிராட்காஸ்ட் செய்தி உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். மற்றவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினோம். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக அதையே ஒரு நிமிட ஆடியோவாகப் பேசி அனுப்பினோம். கொருக்குப்பேட்டைக் கடையில் தெலுங்கிலும் எழுதி, கல்லா பக்கத்தில் ஒட்டினோம்.

பிறகு கணக்கு சொல்லுங்கள்

ஐந்தாம் நாள் அதே இடங்களில் இன்னொரு அறிவிப்பு போட்டோம். கடைகளில் விற்காமல் இருந்த 19ம் வந்துவிட்டது. மக்கள் கைக்குப் போன 39ல் 24 திரும்பி வந்தது. 11 பாக்கெட்டைச் சாப்பிட்டுவிட்டதாக, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். மீதி 4 எங்கே என்று தெரியவில்லை, அதையும் அப்படியே எழுதினோம். கவரில் போட்டிருக்கும் ஆயுள் 30 நாள். அந்த 4 பாக்கெட்டுக்காக ஜூலை 11 வரை அறிவிப்பை இன்ஸ்டாகிராம் பக்கத்தின் உச்சியில் பின் செய்தே வைத்திருந்தோம்.