கல்லு இட்லியும் ஒரு ஃபேஸும்: மர்மத் தொடர் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாக எழுத வந்தவர்களின் திரைக்கதைகள் பதினொன்றைப் படிக்க நேர்ந்தது. எல்லாமே எட்டு எபிசோடு கொலை மர்மம். ஏழு கதைகளில், நான் முதல் தொடரில் செய்து அசிங்கப்பட்ட அதே தவறு வரி பிசகாமல் இருந்தது. படித்து முடித்ததும் பழைய எரிச்சல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொலையாளி கடைசி எபிசோடில் திடீரென்று முளைக்கக் கூடாது, தற்செயலாக வழக்கு முடியக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துப்பை ஒளித்து வைப்பது

அந்தத் தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

என் முதல் தொடரின் கதை கோத்தகிரியில் நடந்தது. ஓய்வுபெற்ற ஒருவர் இரவில் தன் வீட்டில் கொல்லப்படுகிறார். பக்கத்து வீட்டுக் கமலாதான் கொலையாளி. அவள் போலீசிடம் சொல்வது: "ஏழு மணிக்கு வீட்டுல மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். கிரைண்டர் சத்தத்துல எதுவும் கேக்கல." ஒரே வாக்கியத்தில் அவள் எங்கே இருந்தாள் என்பதும், அலறல் ஏன் கேட்கவில்லை என்பதும் முடிந்துவிடுகிறது. ஆனால் ஏழு மணிக்கு அவள் வீட்டில் கரண்ட் இல்லை. மாலையில் ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்த பிறகுதான் ஆட்டினாள். அதனால் காலை எட்டு மணிக்கு அவள் ஊற்றிய இட்லி கல்லு மாதிரி இருந்தது. மாவு புளிக்க நேரமே இல்லையே.

முதல் வரைவில் நான் என்ன செய்தேன்? இரண்டாவது எபிசோடில் இன்ஸ்பெக்டர் திலகவதி இட்லியைப் பிய்க்கிறார், பிய்க்க வரவில்லை. இட்லிக்கு க்ளோஸப். அவர் புருவம் சுருங்குகிறது. பின்னணியில் ஒரு 'டொய்ங்'. திரைக்கதையை எல்லாரும் உட்கார்ந்து வாசித்த அன்று, அந்தப் பக்கம் முடிவதற்குள் உதவி இயக்குநர் ஒருவர், "அந்தம்மாதானே சார்?" என்று கேட்டுவிட்டார். இன்னும் ஆறு எபிசோடு பாக்கி.

பயந்துபோய் இரண்டாவது வரைவில் இட்லிக் காட்சியையே தூக்கிவிட்டேன். கடைசி எபிசோடில் திலகவதி, "அன்னைக்குக் காலையில நீங்க குடுத்த இட்லி புளிக்காத மாவுல சுட்டது" என்று சொல்வார். அதையே படமாக்கவும் செய்தோம். முன்னோட்டமாகச் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு பெண்மணி கேட்டார்: "எந்த இட்லிங்க? எப்ப குடுத்தாங்க?" அரங்கில் யாரும் பேசவில்லை. கோத்தகிரிக்குத் திரும்பப் போய், இரண்டு நாள் மறுபடியும் படம் பிடித்தோம். மழைக்காலம் வேறு. அதற்கான செலவைத் தயாரிப்பாளர் இன்றுவரை என் காதில் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

இரண்டும் வேறு வேறு தவறு மாதிரித் தெரியும். அடிப்படை ஒன்றுதான். துப்பு என்றால் ஒன்று சுட்டிக்காட்ட வேண்டிய பொருள், இல்லையென்றால் ஒளித்து வைக்க வேண்டிய பொருள் என்று நினைத்துக்கொண்டேன். துப்பறிபவர் கண்டதை வாசகருக்கும் அப்போதே காட்டிவிட வேண்டும் என்று ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-லேயே விதி போட்டு வைத்திருக்கிறார். அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர். விதி எனக்குத் தெரியும். காட்டிவிட்டு எப்படிக் கவனிக்காமல் விடச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாவது வரைவில் பிடிபட்டது. துப்புக்கு அந்தக் காட்சியில் வேறொரு வேலை கொடுக்க வேண்டும். இட்லி அப்படியே இருந்தது. ஆனால் அதைப் பிய்க்கப் பார்ப்பது கான்ஸ்டபிள். "மேடம், இது ரெண்டு கையில இருந்தா லத்தியே வேணாம்" என்கிறார். கமலா கூச்சப்பட்டு, "இந்தக் குளிருக்கு மாவு பொங்கவே மாட்டேங்குதுங்க" என்கிறாள். பார்ப்பவர் சிரிக்கிறார். சிரித்ததும் அந்தக் காட்சி அவர் மனதில் 'காமெடி' என்ற டப்பாவுக்குள் போய்விடுகிறது. அடுத்த நொடி திலகவதியின் போன் அடிக்கிறது, இறந்தவரின் பீரோ உடைக்கப்பட்டிருப்பதாகத் தகவல். இட்லியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, கமலா சொல்லும் காரணம். மலையில் மாவு புளிக்கத் தாமதமாகும் என்பது உண்மை. துப்பு தன்னுடனேயே ஒரு நியாயமான விளக்கத்தைக் கொண்டு வந்தால், பார்ப்பவர் அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஆனால் அந்த விளக்கத்தை நீங்கள் எங்காவது சத்தமில்லாமல் உடைத்தாக வேண்டும், இல்லையென்றால் முடிவு அநியாயமாகிவிடும். நான்காவது எபிசோடில் திலகவதி வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பாட்டி பஞ்சு மாதிரி இட்லி வைக்கிறார். "இந்தக் குளிர்ல எப்படிப் பாட்டி?" என்று கேட்டால், "மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பக்கம் வெச்சிட்டா போதும், இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்கிறார். அந்தக் காட்சி பாட்டிக்கும் திலகவதிக்கும் இடையில் ஒட்டுதல் உண்டாகிற காட்சி. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

கரண்ட் விஷயமும் ஒரே இடத்தில் இல்லை. முதல் எபிசோடில், கொலை நடந்த இரவு, திலகவதி தெருமுனைக் கடையில் டீ குடிக்கிறார். கடைக்குள் மெழுகுவத்தி. எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது. "எங்க பக்கம் ஒரு ஃபேஸ் போச்சு மேடம்" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்கிறார். எப்போது போனது என்று சொல்வதில்லை, கமலா வீடும் அதே பக்கம்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் தெரு திரையில் இருக்கிறது. முழுத் துப்பையும் ஒரே காட்சியில் வைத்தால் கெட்டிக்காரப் பார்வையாளர் பிடித்துவிடுவார். நாலு துண்டாக்கி நாலு எபிசோடில் போட்டால், கடைசியில் சேரும்போது "அட, எல்லாமே கண்ணு முன்னாடிதான இருந்துச்சு!" என்பார்.

உங்கள் கதையில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். துப்பு இருக்கும் காட்சியில் அந்தத் துப்பை மட்டும் அழித்துவிடுங்கள். காட்சி அப்போதும் நிற்கிறதா? சிரிப்போ சண்டையோ உறவோ ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சவில்லை என்றால் அது துப்புக்காக மட்டும் கட்டிய காட்சி. பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

முறைத்துப் பார்க்கும் தோட்டக்காரர்

திசைதிருப்ப ஒரு ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் காரணமே இல்லாமல் முறைக்கிறார், ஜன்னலோரம் நிற்கிறார், அரிவாளைத் தீட்டுகிறார். கடைசியில் அவர் நல்லவராம். அப்புறம் ஏன் முறைத்தார்? பதில் கிடையாது.

ரெட் ஹெர்ரிங் என்று நாம் சொல்லும் அந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு ரகசியம் இருக்க வேண்டும். என் தொடரில் தேயிலைத் தோட்ட சூப்பர்வைசர் குணசேகரன், கொலை நடந்த இரவு எங்கே இருந்தான் என்று கேட்டால் மூன்று தடவை மூன்று பதில் சொல்வான். மூன்றும் பொய். உண்மையில் அவன் இலை நிறுக்கும் கொட்டகைக்குப் போய்த் தராசில் கைவைத்துக்கொண்டிருந்தான். பறிக்கும் பெண்களின் கணக்கில் தினமும் கிலோ கிலோவாகக் குறைத்து வந்தவன் அவன். கொலைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் பொய்க்குக் காரணம் இருக்கிறது.

ஐந்தாவது எபிசோடில் அவன் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டுகிறான். "ஏழு மணிக்கு அந்தப் பக்கம் பூரா இருட்டு மேடம், அந்தத் தைரியத்துலதான் தெருவழியாவே போனேன்." பார்ப்பவர் கவனமெல்லாம், ஐந்து எபிசோடு சந்தேகப்பட்ட ஆள் விடுபடுகிறானே என்பதில். அந்த ஏமாற்றத்தின் மறைவில்தான் நாலாவது துண்டு உள்ளே வருகிறது. கரண்ட் போன நேரம். தப்பான வழியில் கூட்டிப்போனவனே சரியான வழிக்கு ஒரு கல் போட்டுவிட்டுப் போகிறான். அதனால் அவன் பின்னால் அலைந்த நேரம் வீணானதாக யாருக்கும் தோன்றவில்லை.

அவனை ஐந்தில் விடுவித்ததும் காரணத்தோடுதான். எட்டு வரை இழுத்திருந்தால், முடிவில் இரண்டு விளக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவும் நின்றிருக்காது.

பொய் சொல்லும் கேமரா

பாத்திரங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். கேமரா சொல்லக் கூடாது. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டிவிட்டு, பிறகு "அது அவள் கற்பனை" என்று சொல்லும் கதைகள் அந்தப் பதினொன்றில் மூன்று இருந்தன.

இதில் நூலிழையில் நடந்து காட்டியவர் அகதா கிறிஸ்டி. 1926-இல் வந்த ரோஜர் ஆக்ராய்ட் நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கதை சொல்லும் டாக்டரே கொலையாளி. கொலை நடந்த இரவை அவர் எழுதும்போது, கடிதம் உள்ளே வந்தது எட்டு நாற்பதுக்கு, தான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு என்கிறார். கதவுப் பிடியில் கைவைத்து, செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததாகவும் எழுதுகிறார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நடுவில் இருக்கும் பத்து நிமிடம் மட்டும் இல்லை. வந்த புதிதில் இது ஏமாற்று வேலை என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் திரும்பப் படித்தால் நேரம் இரண்டும் அங்கேயே அச்சில் இருக்கின்றன.

இசை

துப்பு வரும் இடத்தில் போடாதீர்கள்.

இரட்டைப் பிறவி

வேண்டாம்.

பாதியில் கொலையாளியை மாற்றுவது

வாராவாரம் வெளியாகும் தொடர்களில் மட்டும் வரும் வியாதி இது. யாரோ நாலு பேர் சரியாக ஊகித்துவிட்டால் எழுதுபவருக்குக் கை நடுங்குகிறது. ஊகிக்க முடிந்தது என்றால் துப்புகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். நூறு பேரில் சிலர் கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள். அவர்களை ஏமாற்றப் போய் மீதிப் பேரைக் கைவிடக் கூடாது. வெளியான அத்தியாயத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதில் போட்ட துப்பெல்லாம் பழைய கொலையாளியையே காட்டிக்கொண்டு நிற்கும்.

வலைத்தொடருக்கு வருவதற்கு முன் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினேன். ஒன்பதாவது வாரம் வாசகர் கடிதங்களில் இரண்டு பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் கூப்பிட்டு, "மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். மூன்றாவது வாரத்தில், கிணற்றடியில் ஈரமான இடதுகால் செருப்பு ஒன்று கிடந்ததாக எழுதியிருந்தேன். புதுக் கொலையாளிக்கும் அந்தச் செருப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருபத்தி நாலாவது வாரத்தில் கதை முடிந்தது. அடுத்த வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. கையெழுத்து வயதானவருடையது மாதிரி இருந்தது. வணக்கம், நலம் எதுவும் இல்லை. ஒரே வரி:

"அந்தச் செருப்பு யாருடையது?"