திருப்பித் தரவேண்டிய முன்பணம்: 600 டாலரா, 578 டாலரா?

சுவாமிமலையில் எங்கள் பட்டறைக்கு மலேசியாவிலிருந்து ஒரு நடராஜர் சிலை ஆர்டர் வந்தது. மெழுகு வேலை தொடங்கும் முன்பே அதை ரத்து செய்தார்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டோம். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு நினைவூட்டல்: 600 டாலர் பாக்கி, உடனே அனுப்பவும்.

எங்கள் கணக்கில் வந்ததோ 578 டாலர்தான். மீதி 22 டாலரை இடையிலிருந்த வங்கி பிடித்துக்கொண்டது. அவர்கள் பணம் அனுப்பிய படிவத்தில் 71A என்ற இடத்தில் SHA என்று இருந்தது. அப்படியென்றால் அனுப்புகிறவரின் வங்கிக் கட்டணம் அவருக்கு, வழியில் பிடிப்பது பெறுகிற தொகையில் கழியும். எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கே என்று பொருள்படும் OUR போட்டிருந்தால் முழுத்தொகையும் வந்திருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுத்த ஐயா போனில் எங்களோடு தமிழில்தான் பேசுவார். அதனால் தமிழிலேயே எழுதினேன்:

“வணக்கம் ஐயா. உங்கள் நினைவூட்டல் கிடைத்தது. எங்கள் கணக்கில் வந்த தொகை 578 டாலர். வங்கிச் சான்று இணைத்துள்ளேன். அந்தத் தொகையை முழுமையாக, பணம் வந்த அதே வங்கி வழியாகத் திருப்பி அனுப்புகிறோம். ரத்து செய்ததை உறுதிசெய்யும் உங்கள் கடிதம் வந்ததும் வங்கியில் விண்ணப்பிப்போம். வழியில் பிடிக்கப்பட்ட 22 டாலர் எங்களிடம் வரவில்லை, ஆகவே அதை எங்களால் தர இயலாது. உங்கள் படிவத்தில் 71A பகுதியைப் பார்க்க வேண்டுகிறேன்.”

மன்னிப்பு எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் 600-ஐ ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். படிவத்தைப் பார்த்துவிட்டு அவரே 578-க்குக் கடிதம் அனுப்பினார்.